54 என்று நான் போட்ட வட்டம்

அக்காவின் மகள் ஓ.எல். எழுதியபோது அவளுடைய கணிதப் புள்ளிகளை ஒரு சி.ஆர். கொப்பியில் நான்தான் எழுதி வந்தேன். கடைசி இரண்டு மாதத்தில் அவள் முழுமையாகச் செய்த ஆறு கடந்தகால வினாத்தாள்கள்: 61, 49, 58, 46, 55, 57. அவற்றின் கீழே கோடிழுத்து, கூட்டி, ஆறால் வகுத்து, 54 என்று சிவப்புப் பேனையால் எழுதி அதைச் சுற்றி ஒரு வட்டமும் போட்டேன். அவளுக்கு வேண்டியிருந்தது சி. அவள் விரும்பிய கணிதப் பிரிவில் சேர அவளுடைய பாடசாலை கணிதத்தில் சி கேட்டது. சி 50இல் தொடங்குகிறது. "மாமா, எனக்கு சி வருமோ?" என்று கேட்டாள். "நாலு புள்ளி கூடவே நிக்குது பிள்ளை, பயப்படாதை" என்றேன். அந்தக் கடைசி இரண்டு கிழமையும் கணிதத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு வரலாறு படி என்று சொன்னதும் நான்தான்.

வந்தது எஸ். ஓ.எல். பெறுபேற்றில் புள்ளி வராது, எழுத்து மட்டும்தான் வரும் என்பதால் அது 49ஆ 41ஆ என்று எங்களுக்குத் தெரியாது. தெரியாமல் இருப்பது ஒரு வகையில் இன்னும் மோசம். ஒரு புள்ளியால் போயிருக்குமோ என்ற கேள்வி வீட்டுக்குள்ளேயே நின்றுவிட்டது. அவள் வர்த்தகப் பிரிவுக்குப் போனாள், அங்கே நன்றாகவும் படிக்கிறாள். ஆனால் எனக்கு அந்த வட்டம் போகவில்லை. நான் ஒரு பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறவன். இடை என்றால் என்ன, நியம விலகல் என்றால் என்ன என்று வருடாவருடம் கரும்பலகையில் எழுதுகிறவன். அப்படியிருந்தும் என் சொந்த மருமகளுக்குச் சொன்ன கணிப்பில் ஒரு எண்ணை மட்டும் சொன்னேன்.

சில மாதம் கழித்து ஒரு பின்னேரம், கோண்டாவிலில் அக்கா வீட்டு விறாந்தையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது அவள் சொன்னாள். கோபமாகச் சொல்லவில்லை, யோசித்துச் சொன்னாள்: "மாமா, நீங்கள் என்ர சராசரியைத்தானே சொன்னனீங்கள். நான் சோதினை எழுதினது ஒருநாள்தானே."

அன்றிரவு வீட்டுக்குப் போய் அந்தக் கொப்பியைத் தேடி எடுத்தேன். வட்டத்தைக் கையால் மறைத்துக்கொண்டு மேலே உள்ள ஆறு எண்களை மட்டும் பார்த்தேன். 61, 49, 58, 46, 55, 57. ஆறில் இரண்டு 50க்குக் கீழே. கணக்கு ஒன்றும் தேவையில்லை, எண்ணத் தெரிந்தாலே போதும். மூன்று தடவைக்கு ஒரு தடவை அவள் சி எடுக்கவில்லை என்று கொப்பி சொல்லிக்கொண்டிருந்தது. நான் வகுத்ததில் அந்தச் செய்தி அழிந்துபோயிருந்தது. சராசரி என்பது பல நாட்களின் நடுவிடம். பரீட்சை அந்த நாட்களைப் போன்ற இன்னொரு நாள், ஒரேயொரு நாள். அவள் விறாந்தையில் சொன்னதும் இதைத்தான்.

ஏழாவது வினாத்தாள்

அதற்குப் பிறகு நான் பிடித்துக்கொண்ட வழி மிக எளிமையானது. ஆறு வினாத்தாள்கள் கையில் இருக்கின்றன, பரீட்சை ஏழாவது. ஏழும் ஒரே மாதிரியான நிலைமையில், ஒரே தயார்நிலையில் எழுதப்பட்டவை என்றால், ஏழில் மிகக்குறைந்த புள்ளி எதற்கு விழும் என்பதில் எந்தத் தாளுக்கும் தனிச் சலுகை கிடையாது. ஆகவே அந்தக் குறைந்த புள்ளி பரீட்சைக்கே விழுவதற்கு ஏழில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. வேறு மாதிரிச் சொன்னால், இதுவரை எடுத்த மிக மோசமான புள்ளியைவிடவும் கீழே போக ஏழில் ஒன்று. இரண்டாவது மோசமான புள்ளிக்குக் கீழே போக ஏழில் இரண்டு. பிள்ளையின் புள்ளிகள் எந்த வடிவத்தில் பரந்திருக்கின்றன என்று எதுவும் அனுமானிக்கத் தேவையில்லை. மூன்று வினாத்தாள்தான் செய்திருந்தால், ஆகக் குறைந்ததற்குக் கீழே போக நான்கில் ஒன்று. ஒன்பது செய்திருந்தால் பத்தில் ஒன்று. குறைவான தாள்களை வைத்துக்கொண்டு நம்பிக்கையாகப் பேசக்கூடாது என்பதற்கு இதைவிட நேரடியான காரணம் எனக்குத் தெரியாது.

மருமகளின் புள்ளிகளில் இரண்டாவது மோசமானது 49. அதற்குக் கீழே போக ஏழில் இரண்டு. 50ஐத் தொடாமல் போவதற்கான வாய்ப்பு அதைவிடச் சற்றுக் கூட. நான்கில் ஒன்றுக்கு மேல் இருந்த ஓர் ஆபத்தைத்தான் நான் "பயப்படாதை" என்று சொல்லி மூடினேன்.

நியம விலகலை, அதாவது புள்ளிகள் இடையைச் சுற்றி எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவை, வைத்தும் செய்யலாம், அது இலக்கு வைப்பதற்கு இன்னும் வசதி. அவளுடைய ஆறு புள்ளிகளின் நியம விலகல் 5.7. கணினியில் எக்செல் போன்றவற்றில் செய்கிறவர்கள் `STDEV.S` என்பதைப் பாவிக்கவேண்டும், `STDEV.P` அல்ல. கையில் இருப்பது ஆறு மாதிரிகள் மட்டும், ஆகவே ஐந்தால் வகுக்கவேண்டும். அப்புறம், ஆறு தாள் இருக்கும்போது அந்த விலகலை 1.6ஆல் பெருக்கி இடையிலிருந்து கழித்தால் வருவதை நான் "அடிக்கோடு" என்கிறேன். அடுத்த தாள் அதற்குக் கீழே போக ஏறக்குறையப் பத்தில் ஒரு வாய்ப்பு. அதே அளவைக் கூட்டினால் மேற்கோடு. நான்கு தாள்தான் என்றால் 1.8ஆல் பெருக்கவேண்டும், பத்துத் தாள் என்றால் ஒன்றரைக்குச் சற்றுக் குறைவாகப் போதும். அவளுக்கு 5.7ஐ 1.6ஆல் பெருக்கினால் 9. ஆக வீச்சு 45இலிருந்து 63 வரை. 54ஐச் சுற்றிப் போட்ட வட்டம் உண்மையில் அவ்வளவு அகலமாக இருந்திருக்கவேண்டும்.

தம்பியின் ஒன்பது தாள்கள்

இந்த வருடம் அவளுடைய தம்பியின் முறை. அவனுக்கு ஏ வேண்டும், அதாவது 75. ரியூசனில் கூடப் படிக்கிற மூன்று பேருக்கு ஏ வரும் என்று எல்லோரும் சொல்கிறார்கள், அது ஒரு காரணம். அவன் தன் புள்ளிகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்தான்: 72, 64, 81, 59, 77, 68, 83, 63, 70. சராசரி ஏறத்தாழ 71. "இன்னும் நாலு புள்ளிதான் மாமா" என்றான். எனக்கு உடனே பழைய வட்டம் நினைவுக்கு வந்தது.

இந்த முறை வகுக்கவில்லை. ஒவ்வொரு புள்ளிக்கும் பக்கத்தில், அதை எங்கே, எப்படி எழுதினான் என்று எழுதச் சொன்னேன். 81உம் 83உம் ரியூசனில் ஏற்கெனவே திருத்திக் கதைத்த வினாத்தாள்கள். வினாவைப் பார்த்தவுடன் விடை வந்த வழி நினைவுக்கு வரும், அதில் பரீட்சைக்குப் பொருந்துகிற செய்தி மிகக் குறைவு. 77 எடுத்த தாளை இரண்டு நாளாகப் பிரித்துச் செய்திருந்தான். மூன்றையும் எடுத்து வைத்தோம்.

பிறகு அவன் கேட்டது நியாயமான கேள்வி: "அப்ப 59ஐயும் எடுக்கலாம்தானே? அண்டைக்கு எனக்குக் காய்ச்சல்." நான் மறுத்துவிட்டேன். காய்ச்சல் பரீட்சை நாளிலும் வரலாம். வராவிட்டாலும் முதல்நாள் நித்திரை கெட்டுப் போகலாம், மண்டபத்தில் கதிரை ஆடலாம். ஒரு தாளை விலக்குவதானால் காரணம் புள்ளியைப் பார்க்குமுன்பே சொல்லக்கூடியதாக இருக்கவேண்டும்: ஏற்கெனவே பார்த்த தாள், நேரம் வைக்காத தாள், பாதிப் பாடத்துக்கான அலகுப் பரீட்சை. புள்ளியைப் பார்த்த பிறகு கண்டுபிடிக்கிற காரணம் எப்போதும் குறைந்த புள்ளிகளுக்கு மட்டும்தான் கிடைக்கும். காய்ச்சலோடு 80 எடுத்திருந்தால் அதை விலக்கச் சொல்லி அவன் கேட்டிருக்கமாட்டான். இதைச் சொன்னபோது அவனே தலையாட்டினான்.

மிஞ்சியது ஆறு: 72, 64, 59, 68, 63, 70. இடை 66. விலக்கியதிலேயே ஐந்து புள்ளி கரைந்துபோனது. நியம விலகல் 4.9, அதன் 1.6 மடங்கு எட்டுக்குக் கொஞ்சம் குறைவு. ஆக அடிக்கோடு 58, மேற்கோடு 74.

அக்கா கேட்டுக்கொண்டிருந்தவர், "சரி, அப்ப பி வருமோ வராதோ? ஒண்டைச் சொல்லு" என்றார். பி 65இல் தொடங்குகிறது, இவனுடைய நடுவிடம் 66. "இப்ப போய் எழுதினால் காசு சுண்டிறமாதிரித்தான் அக்கா" என்றேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. எனக்கும் ஒரு தாயிடம் அப்படிச் சொல்வது சுகமாக இல்லை. ஆனால் சி உறுதியாகக் கையில் இருக்கிறது, 50க்கும் அடிக்கோட்டுக்கும் இடையில் எட்டுப் புள்ளி இருக்கிறது என்றும் சொன்னேன். அதை இரண்டாவது தடவையும் சொல்லச் சொல்லிக் கேட்டார்.

எவ்வளவு மேலே குறிவைப்பது

பாதுகாப்பான இலக்கு என்றால், வேண்டிய தரத்தின் எல்லையைக் குறிவைப்பது அல்ல. அடிக்கோடு அந்த எல்லையில் வந்து நிற்கிறமாதிரி நடுவிடத்தை வைப்பது. இவனுடைய புள்ளிகள் இதே அளவுக்குப் பரந்திருந்தால், பியை உறுதிப்படுத்த நடுவிடம் 65உம் 8உம், அதாவது 73 ஆகவேண்டும். ஏயை உறுதிப்படுத்த 83. அவனிடம் எட்டுக் கிழமை இருந்தது. 66இலிருந்து 83 என்பது அந்தக் காலத்துக்குள் நடக்கிற காரியமாக எனக்குப் படவில்லை, அதை நேராகவே சொன்னேன். 73 நடக்கக்கூடியது. அங்கே போய்ச் சேர்ந்தால் நல்ல நாளொன்றில் ஏயும் விழும். ஆகவே உறுதிப்படுத்துவது பி, வந்தால் மகிழ்ச்சி ஏ.

பத்தில் ஒன்று என்ற ஆபத்து எல்லா நேரத்துக்கும் சரியான அளவு என்று நான் நினைக்கவில்லை. பிக்கும் ஏக்கும் இடையில் தவறினால் மனவருத்தம். அவனுடைய அக்காவுக்குச் சி தவறியதில் படிக்கிற பிரிவே மாறியது. அப்படியான இடத்தில் நான் இன்று இருந்தால் ஆறு தாளுக்கு விலகலின் இரண்டு மடங்குக்கும் மேலே ஒதுக்கியிருப்பேன். அவளுக்கு அது 62க்கு மேல் நடுவிடம் வேண்டும் என்று சொல்லியிருக்கும். வரலாற்றைப் படி என்று நான் சொல்லியிருக்கமாட்டேன்.

இனி அந்த ஏழு புள்ளி எங்கேயிருந்து வரும்? கணிதத்துக்கு இரண்டு வினாத்தாள். முதலாவதில் இரண்டு புள்ளி வீதம் 25 சிறு வினா, பிறகு பத்துப் புள்ளி வீதம் ஐந்து அமைப்பு வினா. இரண்டாவதில் இரண்டு பகுதி, ஒவ்வொன்றிலும் ஆறில் ஐந்து செய்யவேண்டும், ஒவ்வொன்றுக்கும் பத்து. மொத்தம் 200, அதைப் பாதியாக்குவது இறுதிப் புள்ளி. ஆகவே ஏழு புள்ளி ஏற என்றால் தாளில் பதினான்கு எடுக்கவேண்டும். ஆறு தாள்களையும் விறாந்தை மேசையில் பரப்பி, வினாவினாவாகப் புள்ளியை எழுதினோம். அங்கேதான் எனக்கே எதிர்பாராத ஒன்று தெரிந்தது.

அவன் செய்த தாள்களின் இரண்டாம் பகுதியில் கேத்திரகணித நிறுவல் இரண்டு வந்திருந்தது. ஒரு வினாவைத்தான் விடலாம், ஆகவே இரண்டில் ஒன்றைச் செய்தே ஆகவேண்டும். அந்த ஒன்றில் அவன் எடுத்தது, மேலே சொன்ன வரிசைப்படியே: 9, 3, 1, 7, 2, 8. மொத்தப் புள்ளி 72 வந்த தாளில் 9, 59 வந்த தாளில் 1. நிறுவல் பிடிபட்டால் பெரும்பாலும் வரும், பிடிபடாவிட்டால் ஓரிரு வரியோடு விட்டு அடுத்த வினாவுக்குப் போய்விடுவான். இறுதிப் புள்ளியில் நான்கு புள்ளி ஏற்ற இறக்கம் இந்த ஒரே வினாவிலிருந்து வந்தது.

இரண்டாவது காரணம் நேரம். 59உம் 63உம் மட்டும்தான் பாடசாலையில், மண்டபத்தில் இருந்து எழுதியவை. இரண்டிலும் கடைசி வினா தொடப்படவில்லை, அது ஐந்து புள்ளி. வீட்டில் எழுதிய நான்கிலும் எல்லா வினாவும் செய்திருந்தான். அக்காவிடம் கேட்டேன். "இந்தக் கேள்வியை முடிச்சிட்டு வாறன் எண்டு சொல்லுவான், நான் விட்டிடுவன்" என்றார். ஆக வீட்டுத் தாள்களுக்கும் சில நிமிடம் கூடக் கிடைத்திருக்கிறது. 72க்கும் 59க்கும் இடையில் இருந்த பதின்மூன்று புள்ளியில் ஒன்பது இந்த இரண்டிலும் அடங்கிவிட்டது. சிறு கவனக்குறைவுகள்தான் காரணம் என்று அதுவரை நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

அந்த இரண்டு மண்டபத் தாள்களை வைத்து மட்டும் பார்த்தால் நடுவிடம் 61. இரண்டு தாளை நம்பி முடிவெடுக்க முடியாது, ஆனால் இரண்டும் ஒரே திசையில் நிற்கும்போது அலட்சியப்படுத்தவும் கூடாது. ஆகவே வீச்சின் கீழ்ப்பக்கத்தையே நம்பச் சொன்னேன்.

பிறகு செய்தவை மூன்றுதான். ஒன்று, இரண்டாம் வினாத்தாளின் மூன்று மணித்தியாலத்தில் ஒரு வினாவுக்கு 16 நிமிடம், முடிந்தாலும் முடியாவிட்டாலும் அடுத்தது. பத்து வினாவுக்கு 160 நிமிடம், மிஞ்சும் இருபதில் விட்டவற்றுக்குத் திரும்புவது. இரண்டு, நிறுவல் தெரியாவிட்டாலும் உருவைப் பெரிதாக வரைந்து, தரவுகளைக் குறித்து, சமமான கோணங்களைக் காரணத்தோடு எழுதுவது. புள்ளித்திட்டம் படிப்படியாகத்தான் புள்ளி கொடுக்கிறது, ஆகவே 1 எடுத்த இடத்தில் 4 அல்லது 5 எடுக்கலாம். மூன்று, இதுவரை பார்க்காத தாள்களை மட்டும், வீட்டுக்கு வெளியே, இரண்டையும் ஒரே நாளில் எழுதுவது. திருத்தியது நானல்ல. மருமகன் என்றால் என் பேனை இளகும் என்று எனக்குத் தெரியும், என்னோடு படிப்பிக்கிற ஒருவரிடம் பெயர் இல்லாமல் கொடுத்தேன்.

கடைசி ஆறு தாளும் இப்படி வந்தன: 70, 74, 69, 75, 72, 73. இடை 72. இலக்கு வைத்த 73க்கு ஒரு புள்ளி குறைவு. ஆனால் விலகல் 4.9இலிருந்து 2.3ஆக இறங்கியிருந்தது, அதனால் ஒதுக்கவேண்டிய இடைவெளியும் எட்டிலிருந்து நான்காகச் சுருங்கிவிட்டது. அடிக்கோடு 68. ஆகக் குறைந்த தாளே 69, பியின் எல்லைக்கு மேலே. நடுவிடம் ஆறு புள்ளி ஏறியதில் அடிக்கோடு பத்து ஏறியிருக்கிறது. மிச்சம் நான்கும் சிதறலைக் குறைத்ததால் கிடைத்தது. மோசமான நாளை மோசமாக்குகிற வினாவைத் தேடிப் பிடிப்பதில் இவ்வளவு இலாபம் இருக்கும் என்று இத்தனை வருடம் படிப்பித்தும் நான் கணக்குப் பார்த்ததில்லை.

பரீட்சைக்கு முதல்நாள் இரவு கொப்பியில் கடைசிப் பக்கத்தை நிரப்பவேண்டியிருந்தது. ஆறு புள்ளியையும் அவன் எழுதினான். "மாமா, கீழ 72 எண்டு போடட்டோ?" என்று கேட்டான். பக்கத்தில் இருந்த அவனுடைய அக்கா பேனையை வாங்கி, 68 – 76 என்று எழுதி, வட்டம் எதுவும் போடாமல் கொப்பியை மூடி வைத்தாள். பெறுபேறு வர இன்னும் நாள் இருக்கிறது.